பள்ளிக்கூட வாசலில் 30 கிலோமீட்டர்: ஒரே விவாதத்துக்குள் நான்கு வகைக் கூற்றுகள்

விவாதத்தில் வரும் கூற்றுகளை உண்மை, வரையறை, மதிப்பீடு, கொள்கை என்று நான்கு வகையாகப் பிரிக்கிறார்களே, அதை ஒரே உதாரணத்தில் காட்ட முடியுமா?

முடியும். ஒரு பள்ளிக்கூடத்தின் முன்னால் போகும் சாலையை எடுத்துக்கொள்வோம். அங்கே மணிக்கு 50 கிலோமீட்டர் வரை போகலாம். அதை 30 ஆக்கலாமா என்று ஒரு கூட்டம் கூடிப் பேசுகிறது.

"வேகம் குறைந்தால் குழந்தைகள் அடிபடுவது குறையும்" என்கிறார் ஒருவர். ஒன்று இருக்கிறது, நடந்தது, நடக்கும், இதனால் அது விளைகிறது என்று சொல்வதெல்லாம் உண்மைக் கூற்று. "போன வருடம் நடந்ததை விபத்து என்றே சொல்ல முடியாது, வெறும் உரசல்" என்கிறார் இன்னொருவர். நடந்ததில் அவருக்குச் சந்தேகமில்லை. அதற்கு என்ன பெயர், எந்தப் பெட்டியில் போடுவது என்பதில்தான் தகராறு. இது வரையறைக் கூற்று. மூன்றாமவர், "ஒரு குழந்தையின் உயிரோடு ஒப்பிட்டால் நமக்கு அரை நிமிடம் தாமதமாவது ஒன்றுமே இல்லை" என்கிறார். இது மதிப்பீட்டுக் கூற்று. "அதனால் அடுத்த மாதமே 30 பலகை வைக்க வேண்டும்" என்று நான்காமவர் சொல்வது கொள்கைக் கூற்று.

இந்த மாதிரிக் கூட்டங்களுக்கு நான் பல முறை நடுவராக இருந்திருக்கிறேன். ஒருவர் புள்ளிவிவரம் கேட்பார். அடுத்தவர் மனசாட்சியைப் பற்றிப் பதில் சொல்வார். இரண்டு பேருமே நியாயமாகத்தான் பேசுவார்கள். ஆனால் கேட்ட கேள்விக்கும் வந்த பதிலுக்கும் சம்பந்தம் இருக்காது. இரண்டு மணி நேரம் இப்படியே போய்விடும்.

உண்மைக் கூற்று என்றால் உண்மையான கூற்று என்றுதானே அர்த்தம்?

இல்லை. பொய்யாகிப்போகக்கூடிய கூற்றும் உண்மைக் கூற்றுதான். "இந்தச் சாலையில் யாருமே 40-ஐத் தாண்டுவதில்லை" என்று ஒருவர் சொன்னால், அது தவறாகவே இருந்தாலும் வகையில் அது உண்மைக் கூற்று. ஏனென்றால் வேகமானியை வைத்து அளந்து பார்த்தால் ஆம், இல்லை என்று தெரிந்துவிடும். பெயர் கொஞ்சம் குழப்பமானதுதான். 'நடப்பு பற்றிய கூற்று' என்று மனதில் வைத்துக்கொண்டால் குழப்பம் குறையும்.

வேகத்தைக் குறைத்தால் ஆபத்து குறையும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே? அதற்கு எதற்கு ஆதாரம்?

எவ்வளவு குறையும் என்பது பலருக்குத் தெரியாது. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். போட்டே பார்ப்போம்.

ஓட்டுநர் ஒரு குழந்தையைக் கண்டதிலிருந்து பிரேக் பிடிக்கத் தொடங்கும் வரை ஒரு நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த சாலையில் நன்றாகப் பிரேக் பிடித்தால், ஒவ்வொரு நொடியும் வண்டியின் வேகம் நொடிக்கு 7 மீட்டர் என்ற அளவில் குறையும் என்றும் வைத்துக்கொள்வோம். மணிக்கு 30 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 8.3 மீட்டர். அந்த ஒரு நொடியில் வண்டி 8.3 மீட்டர் போகும், பிரேக் பிடித்த பிறகு இன்னும் 5 மீட்டர் போகும். ஆக மொத்தம் 13.3 மீட்டரில் நின்றுவிடும். 50 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 13.9 மீட்டர். பிரேக்கில் கால் பதிவதற்குள்ளேயே 13.9 மீட்டர் கடந்துவிடும். அதற்கப்புறம் நிற்க இன்னும் 13.8 மீட்டர் வேண்டும்.

இப்போது வண்டிக்கு 13.5 மீட்டர் முன்னால் ஒரு குழந்தை ஓடி வருகிறது. 30-இல் வந்த வண்டி, குழந்தைக்கு ஒரு சாண் தள்ளி நிற்கும். 50-இல் வந்த வண்டி அதே இடத்தை அடையும்போது வேகம் துளியும் குறைந்திருக்காது. முழு 50-இல் மோதும். கேட்பவர்கள் பெரும்பாலும் "கொஞ்சம் மெதுவாக மோதும்" என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

உண்மைக் கூற்றுக்கு வேண்டிய ஆதாரம் இந்த மாதிரியானது: அளவு, கணக்கு, பதிவேடு, நேரில் பார்த்தவர் சாட்சி. அதோடு, எந்த நிபந்தனையில் இது சரி என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மழையில் பிரேக் பாதிதான் பிடிக்கிறது என்றால் 30-இல் வந்த வண்டிக்கும் 18 மீட்டர் தேவைப்படும். அப்போது அந்த வண்டியும் மோதிவிடும். "30 வைத்தால் யாருக்கும் அடிபடாது" என்று சொல்லியிருந்தால் அந்த இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

பக்கத்துச் சாலையில் பலகை வைத்த பிறகு விபத்து பாதியாகக் குறைந்தது. இதைவிட நேரடியான ஆதாரம் உண்டா?

இந்த ஆதாரத்தில்தான் அதிகம் பேர் வழுக்கி விழுகிறார்கள். ஒரு கற்பனைச் சாலையில் வருடவாரியாக விபத்துகள் 2, 1, 3, 2 என்று இருந்தன, ஐந்தாம் வருடம் 7 ஆனது என்று வைத்துக்கொள்வோம். ஊரே கொதித்து எழுந்து பலகை வைக்கிறது. அடுத்த வருடம் 3. "பாருங்கள், பாதிக்கு மேல் குறைந்துவிட்டது" என்கிறார்கள்.

பலகை வைக்காமலே இருந்திருந்தாலும் அடுத்த வருடம் 2 அல்லது 3-தான் வந்திருக்கும் என்பதற்கு முதல் நான்கு வருடங்களே சாட்சி. மிக மோசமான வருடத்துக்குப் பிறகு எண்ணிக்கை வழக்கமான அளவுக்குத் திரும்புவது இயல்பு. மோசமான வருடம் வந்த பிறகுதான் நாம் பலகை வைக்கிறோம் என்பதால், எந்தப் பலகையும் வேலை செய்வது போலத் தெரியும்.

"இதனால் அது நடந்தது" என்று சொல்ல இரண்டு ஒப்பீடுகள் தேவை. ஒன்று, முன்னும் பின்னும் சில வருடங்களின் சராசரி. இன்னொன்று, ஏறக்குறைய அதே மாதிரியான, ஆனால் பலகை வைக்காத சாலைகளில் அதே காலத்தில் என்ன நடந்தது என்பது. அங்கேயும் குறைந்திருந்தால் பெருமை பலகைக்குச் சேராது. வேகம் குறைந்ததா என்பதைத் தனியாக அளப்பது இன்னும் நல்லது. வேகமே குறையவில்லை என்றால், விபத்து குறைந்ததற்குப் பலகையை எப்படிக் காரணம் சொல்ல முடியும்?

வரையறை என்பது அகராதியைப் பார்த்தால் தீர்ந்துவிடும் விஷயம்தானே?

அகராதி ஒரு சொல்லை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று மட்டும் சொல்லும். நம் வேலைக்கு எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்று அது சொல்லாது.

'சாலை விபத்தில் மரணம்' என்பதையே பாருங்கள். அர்த்தம் புரியாதவர் யாருமில்லை. ஆனால் அடிபட்டவர் எட்டாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தால் அதைக் கணக்கில் சேர்ப்பதா? பிரான்சில் 2004 வரை விபத்து நடந்து 6 நாட்களுக்குள் இறந்தவர்களைத்தான் சாலை மரணமாக எண்ணினார்கள். 2005 முதல் அதை 30 நாட்களாக மாற்றிக்கொண்டார்கள். இன்று பல நாடுகள் இந்த 30 நாள் அளவைத்தான் பின்பற்றுகின்றன. சாலையில் எதுவும் மாறாமலே, வரையறை மாறிய அன்றைக்கு எண்ணிக்கை மாறும். பழைய எண்ணையும் புதிய எண்ணையும் அப்படியே பக்கத்தில் வைத்து "மரணம் கூடிவிட்டது" என்று ஒருவர் வாதிட்டால், அவர் சொன்ன இரண்டு எண்ணும் சரி, முடிவு மட்டும் தவறு.

6 நாள் தவறு, 30 நாள் சரி என்று எதை வைத்துச் சொல்வது? இயற்கையில் அப்படி ஒரு கோடு கிடையாது. அதனால் ஆதாரமும் வேறு வகையில் தேவைப்படுகிறது: எதற்காக எண்ணுகிறோம், அந்த நோக்கத்துக்கு எந்தக் கோடு பொருந்துகிறது, தெளிவான உதாரணங்களை அது சரியான பக்கத்தில் போடுகிறதா, மற்றவர்களோடு ஒப்பிட வசதியாக இருக்கிறதா. காயத்தால் இறந்தவர்களில் பெரும்பாலானோரைப் பிடிக்க வேண்டும், அதே சமயம் வேறு காரணத்தால் இறந்தவர்கள் உள்ளே வந்துவிடக் கூடாது. இப்படிக் காரணம் சொல்லித்தான் ஒரு வரையறையை நிறுத்த முடியும்.

புளூட்டோ கதையும் இதேதான். 1930-இல் கண்டுபிடித்தபோது அதைக் கிரகம் என்றார்கள். 2005-இல் ஏறக்குறைய அதே அளவுள்ள எரிஸ் என்ற விண்பொருள் கண்டுபிடிக்கப்பட்டது என்ற செய்தி வந்ததும் சிக்கல் பெரிதானது. எரிஸையும் கிரகம் என்பதா, புளூட்டோவை எடுத்துவிடுவதா? 2006 ஆகஸ்டில் சர்வதேச வானியல் ஒன்றியம் பிராகில் கூடி வாக்கெடுத்து, கிரகம் என்றால் தன் சுற்றுப்பாதைப் பகுதியைத் துப்புரவாக்கி இருக்க வேண்டும் என்பதையும் ஒரு நிபந்தனையாகச் சேர்த்தது. புளூட்டோ வெளியே போனது. புளூட்டோவின் எடையும் பாதையும் அன்று மாறவில்லை. அந்த வாக்கெடுப்பைப் பலர் இன்னும் ஏற்கவில்லை. அவர்களோடு வாதிடப் புதிய தொலைநோக்கிப் படம் உதவாது. அந்த நிபந்தனை நல்ல நிபந்தனையா என்றுதான் பேச வேண்டும்.

வரையறையை வைத்து ஏமாற்றுகிறார்கள் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

சொல் அதே சொல்லாக இருக்க, பேச்சின் நடுவில் அதன் எல்லை மட்டும் நகர்கிறதா என்று பாருங்கள். நம் கூட்டத்தில் "இங்கே எல்லாரும் மெதுவாகத்தான் போகிறார்கள், சராசரி 38" என்று ஒருவர் சொன்னால், 'எல்லாரும்' என்பதும் 'சராசரி' என்பதும் ஒன்றல்ல என்று நினைவில் கொள்ளுங்கள். போக்குவரத்துப் பொறியாளர்கள் சராசரியோடு 85-ஆம் சதமான வேகத்தையும் பார்ப்பார்கள். 100 வண்டிகளில் 85 வண்டிகள் எந்த வேகத்துக்குள் போகின்றனவோ, அந்த வேகம் அது. சராசரி 38 ஆக இருக்கும் சாலையில் அது 48 ஆக இருக்கலாம். அப்படியானால் 100-க்கு 15 வண்டிகள் 48-ஐத் தாண்டுகின்றன. குழந்தைக்கு ஆபத்து அந்தப் பதினைந்தில்தான் இருக்கிறது.

எண்ணைக் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லின் எல்லையை எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எண்ணைப் பார்த்த பிறகு எல்லையைப் போட்டால், அவரவருக்குச் சாதகமான இடத்தில்தான் கோடு விழும்.

மதிப்பீடு அவரவர் விருப்பம். அதற்கு எப்படி ஆதாரம் கேட்க முடியும்?

"எனக்கு நீலம் பிடிக்கும்" என்பது விருப்பம். அதற்கு யாரும் காரணம் கேட்பதில்லை. "அரை நிமிடத் தாமதம் பெரிய விஷயமில்லை" என்பது அப்படியல்ல. மற்றவர்களும் அதை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்த்துத்தான் சொல்கிறோம். எதிர்பார்த்தால் காரணம் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்தக் காரணம் அளவீடாக இருக்காது. எந்த அளவுகோலை வைத்து எடை போடுகிறோம், அந்த அளவுகோலை எதிராளியும் வேறு இடத்தில் ஏற்கிறாரா, இதோடு மோதும் இன்னொரு நன்மையை ஏன் கீழே வைக்கிறோம் என்பதெல்லாம் அதில் வரும்.

நம் சாலையில் 30 வைக்கும் பகுதி 500 மீட்டர் நீளம் என்போம். 50-இல் அதைக் கடக்க 36 நொடி, 30-இல் 60 நொடி. ஒருவருக்கு 24 நொடி நஷ்டம். இதைக் கேட்டதும் எதிர்ப்பாளர் எழுந்து, "ஒரு நாளைக்கு 3000 வண்டி போகிறது. 3000-ஐ 24-ஆல் பெருக்குங்கள். தினமும் 20 மணி நேரம் வீண்" என்கிறார். பெருக்கல் சரியாகத்தான் இருக்கிறது. அந்த எண்ணோடு சண்டை போட்டுப் பயனில்லை. 24 நொடிகளை இப்படிக் கூட்டலாமா என்பதுதான் கேள்வி, அது மதிப்பீட்டுக் கேள்வி.

நான் கூட்டக் கூடாது என்பேன். அந்த 20 மணி நேரத்தை இழந்த மனிதர் என்று யாருமே இல்லை. ஒவ்வொருவரும் 24 நொடியைத்தான் இழந்தார்கள். எதிர்ப்பாளர் உடனே மடக்குவார்: "அப்படியென்றால் ஒவ்வொரு வண்டியாலும் வரும் துளி ஆபத்தை மட்டும் ஏன் கூட்டுகிறீர்கள்?" நல்ல கேள்வி, மழுப்பக் கூடாது. ஆபத்து துளித்துளியாகப் பரவி இருந்தாலும், கடைசியில் ஒரே குழந்தையின் மேல் முழுதாக வந்து விழுகிறது. நேரம் அப்படி யார் தலையிலும் மொத்தமாக விழுவதில்லை. இந்த வித்தியாசம்தான் என் மதிப்பீட்டுக்கு ஆதாரம். இதை அவர் ஏற்காமல் போகலாம். ஆனால் இப்போது எங்கே வேறுபடுகிறோம் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

நாடுகளும் இப்படி முடிவெடுத்திருக்கின்றன. சாலைப் போக்குவரத்தில் யாரும் இறக்கவோ படுகாயமடையவோ கூடாது என்ற நீண்டகால இலக்கை 1997-இல் ஸ்வீடன் நாடாளுமன்றம் ஏற்றது. அதன் அடியில் இருப்பது ஒரு மதிப்பீடு: பயண வசதிக்கு விலையாக இத்தனை உயிர் போனால் பரவாயில்லை என்று கணக்குப் போடுவதே தவறு என்பது. எந்தப் புள்ளிவிவரத்திலிருந்தும் அது தானாக விளையவில்லை.

போதுமான உண்மைகளை அடுக்கினால் முடிவு தானாக வந்துவிடாதா?

வராது. 18-ஆம் நூற்றாண்டிலேயே டேவிட் ஹியூம் என்ற தத்துவஞானி இதைச் சுட்டிக்காட்டினார். 'இருக்கிறது', 'இல்லை' என்றே பேசிக்கொண்டு வருபவர்கள் திடீரென்று 'வேண்டும்', 'கூடாது' என்று பேசத் தொடங்கிவிடுகிறார்கள், நடுவில் அந்தத் தாவலுக்குக் காரணம் சொல்வதில்லை என்றார்.

"50-இல் வரும் வண்டி முழு வேகத்தில் மோதும், ஆகவே 30 வைக்க வேண்டும்" என்ற வாக்கியத்தில் அந்த 'ஆகவே'யைப் பிடித்து நிறுத்துங்கள். அதற்குள்ளே ஒரு மதிப்பீடு சொல்லாமல் ஒளிந்திருக்கிறது. பெரும்பாலும் எல்லாரும் ஏற்கும் மதிப்பீடாக இருப்பதால் கண்ணில் படுவதில்லை. விவாதம் நகராமல் நிற்கும்போது மட்டும் அதை வெளியே எடுத்து மேசைமேல் வைக்க வேண்டும்.

சரி, பிரச்சினை உண்மை, மதிப்பீடும் நம் பக்கம். கொள்கைக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

நிறைய வேண்டும். "கெட்டது நடக்கிறது" என்று நிரூபித்துவிட்டு "அதனால் நான் சொல்வதைச் செய்யுங்கள்" என்று உட்கார்ந்துவிடுவதுதான் இதில் அதிகம் நடக்கும் தவறு.

முதலில் காரணம். நம் பள்ளி வாசலில் குழந்தைகள் அடிபடுவது வேகத்தாலா, வாசலை ஒட்டி நிறுத்தியிருக்கும் கார்களுக்கு நடுவிலிருந்து அவர்கள் கண்ணுக்குத் தெரியாமல் வெளிப்படுவதாலா? இரண்டாவதுதான் முக்கியக் காரணம் என்றால், அந்த 20 மீட்டரில் வண்டி நிறுத்தத் தடை போடுவது வேகப் பலகையைவிட அதிகம் உதவக்கூடும்.

அடுத்தது, சொல்லும் மருந்து வேலை செய்யுமா என்பது. அகலமான, நேரான சாலையில் வெறும் பலகையை நட்டால் வேகம் பெரும்பாலும் கொஞ்சம்தான் குறைகிறது. ஓட்டுநரின் கால் பலகையைவிட அதிகமாகச் சாலையின் தோற்றத்துக்குத்தான் கட்டுப்படுகிறது. நான் மேலே போட்ட கணக்கு 'வண்டி 30-இல் வந்தால்' என்று சொல்கிறது. '30 என்று எழுதி வைத்தால்' என்று சொல்லவில்லை. இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தை வேகத்தடை, சாலையைக் குறுக்குதல், கண்காணிப்பு ஆகியவற்றில் எது கடக்கும் என்று காட்டியாக வேண்டும். இது திரும்பவும் உண்மைக் கூற்று, அதற்கு அந்த வகை ஆதாரம்தான் வேண்டும்.

கடைசியாகப் பக்கவிளைவு. வேகத்தடை போட்டால் ஆம்புலன்சும் அதில் ஏறித்தான் இறங்க வேண்டும். வண்டிகள் பக்கத்துச் சந்துக்குள் திரும்பி, அங்கே விளையாடும் குழந்தைகளுக்கு ஆபத்தாகலாம். இதை எதிராளி சொல்லும் வரை காத்திருக்காமல் நாமே சொல்லி, நாமே எடை போட வேண்டும். மாற்றம் கேட்பவர்தான் இந்தச் சுமையைத் தூக்க வேண்டும் என்பது விவாத மரபு. எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

இந்தப் பிரிவினை யார் செய்தது?

வேர் பழையது. கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் ஹெர்மகோரஸ் என்ற கிரேக்க ஆசிரியர், வழக்கு எந்தப் புள்ளியில் முட்டி நிற்கிறது என்று பார்க்கக் கற்றுக்கொடுத்தார்: செயல் நடந்ததா, அதற்கு என்ன பெயர், அது நியாயமா. நான்காவதாக, இந்த வழக்கை இந்த மன்றம் விசாரிக்கலாமா என்ற கேள்வியும் அவரிடம் உண்டு. ரோமில் சிசரோ, குவிண்டிலியன் என்ற பேச்சுக்கலை அறிஞர்கள் இதை எடுத்துச் சென்றார்கள். அந்த நான்காவது கேள்வியின் இடத்தில் 'இனி என்ன செய்வது' என்ற கொள்கைக் கேள்வியை வைத்தது பிற்கால விவாதப் பாடங்கள்.

பேச்சின் நடுவில் எதிராளி எந்த வகையில் பேசுகிறார் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வாக்கியத்தின் வடிவத்தை நம்பாதீர்கள். "இந்தச் சாலை ஆபத்தானது" என்பது உண்மைக் கூற்று போலத்தான் தெரிகிறது. ஆனால் உள்ளே மூன்று இருக்கலாம்: இங்கே அதிகம் பேர் அடிபடுகிறார்கள்; வருடத்துக்கு இத்தனைக்கு மேல் போனால் அதற்கு 'ஆபத்தான சாலை' என்று பெயர்; இவ்வளவு ஆபத்தை நாம் பொறுத்துக்கொள்ளக் கூடாது.

நான் ஒரு கேள்வி கேட்பேன்: "எதைக் காட்டினால் உங்கள் எண்ணத்தை மாற்றிக்கொள்வீர்கள்?" "பத்து வருடப் பதிவேட்டைக் காட்டு" என்றால் அவர் உண்மையில் நிற்கிறார். "எதை விபத்து என்று எண்ணினீர்கள், சொல்லுங்கள்" என்றால் வரையறையில். "எந்த எண்ணைக் காட்டினாலும் மாற மாட்டேன், ஒரு குழந்தை போனாலும் போனதுதான்" என்றால் மதிப்பீட்டில். அவரிடம் பதிவேட்டை நீட்டுவது வீண், அவரைப் பிடிவாதக்காரர் போல உணரவைப்பதும் அநியாயம். "வேறு வழி இருக்கிறதா, காட்டு" என்றால் அவர் கொள்கைக்கு வந்துவிட்டார்.

எல்லாம் பேசி முடித்த பிறகும் கொள்கையில் மட்டும் ஒத்துவரவில்லை என்றால்?

அப்போது மிஞ்சியிருப்பது பெரும்பாலும் 'வேலை செய்யுமா' என்ற ஒரே சந்தேகம்தான். அதைப் பேச்சால் தீர்க்க முடியாது, சோதித்துத்தான் பார்க்க வேண்டும். தொடங்குவதற்கு முன்பே இரண்டு தரப்பும் ஒரே தாளில் எழுதிக் கையெழுத்திடட்டும்: பள்ளி திறக்கும், விடும் நேரங்களில் ஒரு வாரம் வேகத்தை அளப்பது, பிறகு வேகத்தடை போடுவது, ஆறு மாதம் கழித்து அதே இடத்தில், அதே நேரத்தில் மறுபடி அளப்பது, பக்கத்துச் சந்திலும் மாற்றம் செய்யாத இன்னொரு சாலையிலும் அதேபோல அளப்பது, 85-ஆம் சதமான வேகம் 35-க்குள் வந்தால் வேகத்தடை இருக்கட்டும், 45-லேயே நின்றால் எடுத்துவிட்டு வேறு வழி பார்ப்பது, நடுவில் நின்றால் இன்னும் ஆறு மாதம் தொடர்வது. விபத்து எண்ணிக்கையை இதற்கு அளவுகோலாக வைக்க வேண்டாம். ஒரே சாலையில் ஆறு மாதத்தில் 1 என்பது 2 ஆனாலும் 0 ஆனாலும் அதிலிருந்து எதுவும் தெரியாது.